ஒரே மைதானம், மூன்று ஆடுகளங்கள்: சேப்பாக்கம் சொல்லும் கணக்கு

கிரிக்கெட் மைதானத்தின் நடுவே 22 கெஜம் நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஒரு மண் பட்டைதான் ஆடுகளம். மீட்டரில் சொன்னால் 20.12க்கு 3.05. பந்து இந்த மண்ணைத் தொட்டுக்கொண்டிருப்பது சில மில்லி விநாடிகள்தான். அதற்குள் மூன்று விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன. பந்து எவ்வளவு உயரம் எழும்பும், எவ்வளவு வேகத்தை இழக்கும், வந்த பாதையிலிருந்து எவ்வளவு விலகும் என்பவை அவை. பவுன்ஸ், வேகம், திருப்பம் என்று வர்ணனையாளர்கள் பேசுவதெல்லாம் இந்த மூன்றைத்தான். மண்ணின் இறுக்கம் எழும்பலையும், மேற்பரப்பின் உராய்வு வேக இழப்பையும் சுழலின் பிடிப்பையும் தீர்மானிக்கின்றன. மண் எந்த அளவுக்குச் சீராக இருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அடுத்த பந்தையும் நம்பி ஆட முடியும்.

இந்தத் தன்மைகள் மைதானத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டவை அல்ல. "சேப்பாக்கம் என்றால் சுழல்" என்பது பொதுப்பேச்சு. ஆனால் ஒரு மைதானத்தின் நடுப்பகுதியில் பக்கம் பக்கமாகப் பல ஆடுகளங்கள் இருக்கும். ஒன்று செம்மண்ணாலும் இன்னொன்று கரிய களிமண்ணாலும் ஆனதாக இருக்கலாம். ஒன்றுக்கு நேற்றுவரை தண்ணீர் விட்டிருப்பார்கள். மற்றொன்றை நான்கு நாளாகக் காயப்போட்டிருப்பார்கள். 2021க்கும் 2024க்கும் இடையில் சென்னை எம்.ஏ.சிதம்பரம் மைதானத்தில் நடந்த மூன்று டெஸ்ட் போட்டிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இது விளங்கும். மூன்றிலும் ஆட்டம் மூன்று விதமாக நடந்தது.

முதலில் மண். நல்ல ஆடுகளத்துக்குக் களி வேண்டும். களித்துகள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, உலர்ந்ததும் செங்கல்போல் இறுகும். பராமரிப்பாளர்கள் மண்ணை நனைத்து, அது பாதி உலர்ந்த பதத்தில் கனமான ரோலரை நாள்கணக்கில் மெதுவாக ஓட்டுவார்கள். ஈரம் அதிகமானால் மண் ரோலரோடு ஒட்டிக்கொண்டு வரும். காய்ந்துவிட்டால் ரோலர் மேலே உருளுமே தவிர உள்ளே எதுவும் இறுகாது. பதம் பார்ப்பதுதான் அவர்களுடைய கைவரிசை. புல்லின் வேர்கள் மண்ணுக்குள் இறங்கி, கம்பி போட்ட கான்கிரீட்போல அதைப் பிடித்துக்கொள்ளும். மேலே தெரியும் பச்சையைப் பார்த்துத்தான் ஊரே பேசும். மூன்றாம் நாள் ஆடுகளம் உடையுமா நிற்குமா என்பதை உள்ளேயிருக்கும் வேர்தான் சொல்லும்.

கருமண்ணில் உள்ள களி தண்ணீரை உறிஞ்சி உப்பும், உலரும்போது சுருங்கும். அதனால் நாளாக ஆக அகலமான வெடிப்புகள் விழும். ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருப்பதால் பந்து சற்று நின்று, தாழ்வாக வரும். செம்மண்ணின் களி அந்த அளவுக்கு உப்புவதோ சுருங்குவதோ இல்லை. அது சீக்கிரம் உலர்ந்து இறுகுவதால் பந்து நன்றாக எழும்பும். மும்பை வான்கடே மைதானத்தின் பெயர்பெற்ற பவுன்ஸுக்குக் காரணம் இந்தச் செம்மண்தான். ஆனால் செம்மண் உடைய ஆரம்பித்தால் மேற்பரப்பு பொடியாக உதிரும். அப்போது சுழற்பந்து திரும்பவும் செய்யும், எகிறவும் செய்யும். இரண்டும் ஒன்றுசேர்ந்து வருவதைத்தான் மட்டையாளர்கள் மிகவும் வெறுப்பார்கள்.

பவுன்ஸை அளக்கப் பழைய முறை ஒன்று உண்டு. 16 அடி, அதாவது ஏறத்தாழ 4.9 மீட்டர் உயரத்திலிருந்து பந்தை ஆடுகளத்தின் மேல் விட்டு, அது எவ்வளவு மீண்டு எழுகிறது என்று பார்ப்பார்கள். 30 அங்குலத்துக்கு மேல் எழுந்தால் மிக வேகமான ஆடுகளம். 15 அங்குலத்துக்குக் கீழே என்றால் மந்தமானது. அதாவது ஒரே பந்து ஓரிடத்தில் முழங்காலைத் தாண்டும், இன்னோரிடத்தில் அதில் பாதிகூட எழும்பாது. ஒரே பந்துவீச்சாளர் இரண்டு இடத்திலும் ஒரே இடத்தில் பந்தைக் குத்திக்கொண்டிருக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

இனி சேப்பாக்கத்துக்கு வரலாம். காலவரிசையை விட்டு, 2024 செப்டம்பரில் நடந்த வங்கதேச டெஸ்ட்டை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் அது செம்மண் ஆடுகளம். சேப்பாக்கத்தைப் பற்றிய பொதுக்கருத்துக்கு நேர்மாறாக அது நடந்துகொண்டது. டாஸ் வென்ற வங்கதேசம் பந்துவீச்சைத் தேர்ந்தெடுத்தது. சென்னையில் டாஸ் வென்றால் பேட்டிங் என்பது எழுதாத சட்டம்போல இருந்த நிலையில், பலருக்கு இது வியப்பாக இருந்தது. ஆனால் காலையில் மேகமூட்டம் இருந்தது, ஆடுகளத்தில் ஈரம் இருந்தது. இந்தியாவும் அதே எண்ணத்தில்தான் பும்ரா, சிராஜ், ஆகாஷ் தீப் என்று மூன்று வேகப்பந்துவீச்சாளர்களை அணியில் வைத்திருந்தது.

ஈரமும் கொஞ்சம் புல்லும் இருக்கும்போது சீம் வேலை செய்வது இப்படித்தான். பந்தின் நடுவே தையல் வரிசைகள் புடைத்து நிற்கின்றன. பந்துவீச்சாளர் தையல் நிமிர்ந்து இருக்குமாறு விட்டால், அது தையலின் மேலேயே மண்ணில் இறங்கும். இலேசாக ஈரமான மண் கொஞ்சம் குழியும். தையல் அதில் கடித்துக்கொள்ளும். தையல் ஒரு துளி சாய்ந்து விழுந்தாலும் போதும், பந்து அந்தப் பக்கம் திசை மாறும். எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் பந்துவீச்சாளருக்கே தெரியாது. மட்டையாளருக்கு அதில்தான் சிக்கல். காற்றில் வளையும் ஸ்விங்கைக் கண்ணால் கொஞ்சமாவது பின்தொடரலாம்; மண்ணில் பட்டபின் விலகும் பந்துக்கு மட்டையைத் திருத்த நேரம் இருப்பதில்லை.

இப்படிப்பட்ட ஆடுகளத்தில் வேகப்பந்துவீச்சாளர் ஸ்டம்பிலிருந்து ஆறு முதல் எட்டு மீட்டர் தூரத்தில், ஆஃப் ஸ்டம்பையொட்டி விடாமல் போட வேண்டும். கட்டைவிரல் அளவு விலகலே போதும். மட்டையை முழுக்கத் தாண்டிப் போகும் அளவுக்குப் பந்து விலகினால் பிரயோஜனம் இல்லை; விளிம்பைத் தொட வேண்டும். செம்மண்ணின் பவுன்ஸ் அந்த விளிம்பு பட்ட பந்தைத் தரையில் விழவிடாமல் ஸ்லிப் வரை கொண்டுபோகிறது. அதனால்தான் இங்கே இரண்டு மூன்று ஸ்லிப்களும் ஒரு கல்லியும் வைப்பது பொருந்தும். மந்தமான கருமண்ணில் அதே விளிம்பு ஸ்லிப்புக்கு முன்னாலேயே செத்து விழும்.

வங்கதேசத்தின் ஹசன் மஹ்மூத் இதைத்தான் செய்தார். ரோஹித் 6 ரன்னில் ஸ்லிப்பில் பிடிபட்டார். கில் ரன் எடுக்கவில்லை. கோலி 6 ரன்னில் டிரைவ் ஆடப்போய் விக்கெட் கீப்பரிடம் கேட்ச் கொடுத்தார். 34 ரன்னுக்கு மூன்று விக்கெட். பிற்பகலில் இந்தியா 144க்கு 6. அதுவரை வங்கதேசத்தின் முடிவு பிழையில்லாத முடிவாகத்தான் தெரிந்தது.

பிறகு வெயில் ஏறியது. செம்மண்ணின் குணமே சீக்கிரம் உலர்வதுதான் என்பதால், பிற்பகலில் ஈரம் போய்விட்டது. தையல் கடிக்க மண்ணில் மென்மை இல்லை, பந்தும் பழசாகிவிட்டது. இறுக்கமும் பவுன்ஸும் மட்டும் மிஞ்சின. பந்து எதிர்பார்த்த உயரத்தில், எதிர்பார்த்த வேகத்தில் மட்டைக்கு வந்தது. இதுவே மட்டையாளரின் சொர்க்கம். சுழலுக்கு இன்னும் உடைசல் வரவில்லை. ஷகிப்பும் மெஹிதியும் வீசிய பந்துகள் பெரிதாகத் திரும்பவில்லை. உள்ளூர்க்காரரான அஸ்வினும் ஜடேஜாவும் அன்று மாலைக்குள் ஆட்டத்தை 339க்கு 6 என்று மாற்றினார்கள். இருவரும் சேர்த்தது 199 ரன். அஸ்வின் 113, ஜடேஜா 86. ஹசன் மஹ்மூதுக்கு ஐந்து விக்கெட் கிடைத்தும் இந்தியா 376 எடுத்தது.

முதல் நாள் காலையில் பந்துவீச எடுத்த முடிவு தவறா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். அந்த ஈரம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காது என்பதுதான் கணக்கில் விடுபட்டது. செம்மண்ணில் அதிகாலை ஈரத்தை நம்பிப் பந்துவீசும் அணி, அது வற்றுவதற்குள் எதிரணியை முழுதாகச் சுருட்டியாக வேண்டும். ஆறு விக்கெட் போதாது.

இரண்டாம் நாள் மட்டும் 17 விக்கெட்டுகள் விழுந்தன. புதிய பந்து கையில் இருந்தவரை இரு அணி வேகப்பந்துவீச்சாளர்களும் அந்த எழும்பலைப் பயன்படுத்தினார்கள். ஆகாஷ் தீப் இரண்டு இடதுகை மட்டையாளர்களின் ஸ்டம்பை அடுத்தடுத்த பந்துகளில் பெயர்த்தார். பும்ரா 50 ரன்னுக்கு நான்கு விக்கெட் எடுக்க, வங்கதேசம் 149க்குச் சுருண்டது. ஆனால் நான்காம் இன்னிங்ஸில் கதை பழைய சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. வெயிலில் காய்ந்த மேற்பரப்பு உதிர, அஸ்வின் ஆறும் ஜடேஜா மூன்றுமாகப் பத்தில் ஒன்பது விக்கெட்டுகள் சுழலுக்குப் போயின. ஒரே ஆடுகளம், நான்கே நாள். முதல் காலை சீமுக்கு, முதல் மாலை மட்டைக்கு, கடைசி இன்னிங்ஸ் சுழலுக்கு.

2021 பிப்ரவரியில் இங்கிலாந்து இதே மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட் ஆடியது. முதல் டெஸ்ட்டின் ஆடுகளம் முதல் இரண்டு நாளும் உயிரில்லாமல் கிடந்தது. ஈரம் இல்லை, புல் இல்லை, வெடிப்பும் இல்லை. உராய்வும் இறுக்கமும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருந்ததால், பந்து விழும் இடத்தை வைத்தே அது எப்படி வரும் என்று மட்டையாளர் கணித்துவிடலாம். டாஸ் வென்ற இங்கிலாந்து 190 ஓவர்கள் ஆடி 578 எடுத்தது. தன் நூறாவது டெஸ்ட்டை ஆடிய ஜோ ரூட் 218 அடித்தார். சுழற்பந்தைத் தரையோடு தரையாக ஸ்வீப் செய்வதுதான் அவருடைய முக்கிய ஆயுதம். பந்து ஒரே உயரத்தில் வரும்வரை அந்த ஷாட்டில் ஆபத்து குறைவு.

இவ்வளவு ஓவர்கள் ஆடியதில் இன்னொரு லாபமும் இருந்தது. செத்த ஆடுகளத்தில் ரன்னைவிட நேரம்தான் பெரிய முதலீடு. எதிரணி கடைசியாக ஆடும் நேரத்துக்கு மண் உடைந்திருக்க வேண்டும். அதற்கு முதலில் நாள்களைச் செலவழிக்க வேண்டும். இந்தியா 337க்கு ஆட்டமிழந்தபோது இங்கிலாந்து 241 ரன் முன்னிலையில் இருந்தது. ஃபாலோ-ஆன் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பந்துவீச்சாளர்களுக்கு ஓய்வு ஒரு காரணம். நான்காம் இன்னிங்ஸில் தாங்கள் அந்த மண்ணில் ஆடாமல் தப்புவது இன்னொரு காரணம். இரண்டாம் இன்னிங்ஸின் முதல் பந்தையே அஸ்வின் வீசினார். அதிலேயே பர்ன்ஸ் ஆட்டமிழந்தார். சுழற்பந்துவீச்சாளர் ஒருவர் டெஸ்ட் இன்னிங்ஸின் முதல் பந்தில் விக்கெட் எடுத்து அதற்கு முன் நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 61 ரன்னுக்கு ஆறு விக்கெட்டுகள் அவருக்குக் கிடைத்தன. ஆடுகளம் திரும்பிவிட்டது என்பதற்கு வேறு அறிவிப்பு தேவைப்படவில்லை.

அதில் பெரும்பங்கு கால்தடங்களுடையது. இந்தக் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால் தொலைக்காட்சியில் ஆட்டம் வேறு மாதிரி தெரியும். வேகப்பந்துவீச்சாளர் பந்தை விட்டபின் ஓடி வரும் வேகத்தில் முளைக்காலணியால் மண்ணைக் கிளறிவிடுகிறார். ஆடுகளத்தின் நடுப்பகுதி தடைசெய்யப்பட்டது. அங்கே மிதித்தால் நடுவர் எச்சரிப்பார், மூன்றாம் முறை அந்த இன்னிங்ஸில் பந்துவீசவே விடமாட்டார். அதனால் சேதம் பக்கங்களில், ஸ்டம்பிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தூரத்தில் சேரும். சுழற்பந்து விழ வேண்டிய நீளமும் அதுவேதான்.

எந்தப் பக்கம்? வலதுகை வேகப்பந்துவீச்சாளர் ஸ்டம்பை ஒட்டி 'ஓவர் த விக்கெட்' வீசும்போது, பந்துவீசும் திசையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் கால்தடம் விழும். பின்னால் அந்த முனையில் வந்து நிற்கும் மட்டையாளரும் அதே திசையைத்தான் பார்க்கிறார். ஆகவே அந்தத் தடம் வலதுகை மட்டையாளருக்கு லெக் ஸ்டம்புக்கு வெளியேயும், இடதுகை மட்டையாளருக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியேயும் இருக்கும். உலகில் பெரும்பாலான வேகப்பந்துவீச்சாளர்கள் வலதுகைக்காரர்கள். அதனால் இடதுகை மட்டையாளர்களுக்கு ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே எப்போதும் ஒரு கரடு காத்திருக்கிறது. அங்கே விழுந்து வெளியே திரும்பும் பந்து ஆஃப் ஸ்பின்னருடையது. அஸ்வின் தன் வாழ்நாள் முழுக்க இடதுகைக்காரர்களை வேட்டையாடியதில் அவருடைய திறமைக்கு இந்த மண் கூட்டாளி. அணியில் ஓர் இடதுகை வேகப்பந்துவீச்சாளர் இருந்தால் கரடு மறுபக்கமும் உருவாகும். அது வலதுகை மட்டையாளரின் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும். அந்த அணியின் ஆஃப் ஸ்பின்னருக்கு அது இனாமாகக் கிடைக்கும் சொத்து.

கடைசி நாளில் 420 ரன் இலக்கை நோக்கி இந்தியா ஆடியபோது, ஆட்டத்தை உடைத்தது சுழல் மட்டுமல்ல என்பதுதான் சுவாரஸ்யம். காய்ந்து சொரசொரப்பான ஆடுகளம் பந்தின் ஒரு பக்கத்தைத் தேய்த்துவிடும். மறுபக்கத்தைப் பளபளப்பாகக் காப்பாற்றி வைத்தால், பழைய பந்து வேகமாக வீசும்போது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் வளையும். அதுவே ரிவர்ஸ் ஸ்விங். ஆண்டர்சன் ஒரே ஓவரில் கில்லின் ஸ்டம்பையும் ரஹானேயின் ஸ்டம்பையும் பெயர்த்தார். இரண்டு பந்துமே உள்நோக்கி வளைந்து மட்டைக்கும் காலுக்கும் நடுவே புகுந்தவை. பிறகு 72 ரன்னில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த கோலிக்கு ஸ்டோக்ஸ் வீசிய பந்து, எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பாமல் தாழ்ந்து ஸ்டம்பைச் சாய்த்தது. கோலி செய்த தவறு என்று எதையும் சொல்ல முடியாது. முதல் நாள் ஒரே உயரத்தில் வந்த பந்து ஐந்தாம் நாள் ஏறியும் இறங்கியும் வருவதுதான் மிகக் கடினமான மாற்றம். திருப்பத்தை ஆடிப் பழகலாம். சீரற்ற பவுன்ஸைப் பழக முடியாது. இந்தியா 192க்கு ஆட்டமிழந்து 227 ரன் வித்தியாசத்தில் தோற்றது.

வறண்ட ஆடுகளத்தில் வேகப்பந்துவீச்சாளரின் வேலை எப்படி மாறுகிறது என்பதையும் இது காட்டுகிறது. ஸ்லிப்பைக் குறைத்துவிடலாம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விளிம்பைத் தேடாமல், ஸ்டம்பை நோக்கியே நேராக, வேகமாக வீச வேண்டும். விக்கெட் வரும் வழி போல்டும் எல்பிடபிள்யூவும்தான். பந்து தாழ்ந்தாலும் உதவும், உள்ளே வளைந்தாலும் உதவும்.

நான்கே நாள் இடைவெளியில் தொடங்கிய இரண்டாம் டெஸ்ட்டின் ஆடுகளம் முதல் நாளிலிருந்தே தூசி கிளப்பியது. பந்து விழும் இடத்தில் புகைபோல மண் எழுந்தால் மேற்பரப்பின் பிணைப்பு விட்டுவிட்டது என்று பொருள். உடைந்த துகள்களில் பந்து நன்றாகக் கடிக்கும். சுழலும் பந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்று வேகத்தில் வருகிறது. வழவழப்பான மண்ணில் அதில் பெரும்பகுதி சறுக்கி வீணாகும்; பொடிந்த மண்ணில் அது பக்கவாட்டு விலகலாக மாறும். இந்த முறை டாஸ் இந்தியாவுக்கு. முதல் நாளே திரும்பும் மண்ணில் டாஸ் என்பது பாதி ஆட்டம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் வித்தியாசம் 317 ரன் என்னும்போது டாஸை மட்டும் காரணம் காட்டித் தப்ப முடியாது.

மொயின் அலி கோலிக்கு வீசிய பந்தை எடுத்துக்கொள்ளலாம். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்தது. கோலி டிரைவ் ஆடக் காலை நீட்டினார். பந்து உள்ளே திரும்பி மட்டைக்கும் காலுக்கும் இடையில் நுழைந்து ஸ்டம்பைத் தட்டியது. ரன் இல்லை. தட்டையான ஆடுகளத்தில் அந்த டிரைவ் நான்கு ரன். தூசி கிளம்பும் ஆடுகளத்தில் பந்து விழும் இடத்துக்கு வந்து அதை மூட முடியாவிட்டால், எட்டி ஆடுவது தற்கொலை.

ரோஹித் ஷர்மா 161 எடுத்தது வேறு வழியில். பந்து திரும்புவதற்கு முன்பே அடித்துவிட வேண்டும், இல்லையேல் முழுக்கத் திரும்பியபின் பின்காலில் ஆட வேண்டும். நடுவே நிற்கக் கூடாது என்பதுதான் இங்கே மட்டையாளரின் அடிப்படைப் பாடம். அவர் ஸ்வீப்பை நிறைய ஆடினார். திரும்பும் தூரத்தைக் கணிக்காமல், விழுந்தவுடனேயே பந்தைத் தூக்கியெறிகிற ஷாட் அது. அதன் ஆபத்தையும் இதே போட்டி காட்டியது. முதல் டெஸ்ட்டில் ஸ்வீப்பாலேயே 218 எடுத்த ரூட், இங்கே 6 ரன்னில் அறிமுகப் பந்துவீச்சாளர் அக்சர் பட்டேலை ஸ்வீப் செய்யப்போனார். பந்து மட்டையின் மேல்விளிம்பில் பட்டுக் கேட்ச்சானது. ஒரே ஆட்டக்காரர், ஒரே மைதானம், ஒரே ஷாட். மண் மட்டும் வேறு.

பந்துவீச்சாளரின் கணக்கும் மாறுகிறது. எழும்பும் ஆடுகளத்தில் சுழற்பந்துவீச்சாளர் பந்தை மேலே தூக்கி மிதக்கவிடலாம். மேல்சுழல் கலந்து விட்டால் பந்து சட்டெனக் கீழே இறங்கி, பிறகு எகிறி கையுறையையோ மட்டையின் தோளையோ தொடும். ஷார்ட் லெக்கும் லெக் ஸ்லிப்பும் அப்போது தேவை. பொடிந்து திரும்பும், ஆனால் மந்தமான ஆடுகளத்தில் அப்படி மிதக்கவிட்டால், மட்டையாளர் பின்காலில் போய்த் திரும்பியபின் நிதானமாக ஆடிவிடுவார். அங்கே வேகம் கூட்டி, தட்டையாக, ஸ்டம்பை நோக்கி வீசுபவரே ஆபத்தானவர். அக்சரின் பாணி அதுதான். 60 ரன்னுக்கு ஐந்து விக்கெட் என்று அவர் இங்கிலாந்தின் இரண்டாம் இன்னிங்ஸை முடித்தார். அஸ்வின் முதல் இன்னிங்ஸில் 43க்கு ஐந்து எடுத்ததோடு, இந்தியாவின் இரண்டாம் இன்னிங்ஸில் 106 ரன்னும் அடித்தார். 106க்கு 6 என்று இந்தியா தடுமாறியபோது வந்து, ஸ்வீப்பும் இறங்கி அடிப்பதுமாக அவர் ஆடிய ஆட்டம், "இந்த மண்ணில் ஆடவே முடியாது" என்ற புகாருக்கு நேரான பதிலாக அமைந்தது.

அதிகம் திரும்பும் ஆடுகளத்தில் விக்கெட் எடுப்பது அதிகம் திரும்பும் பந்து அல்ல என்பதும் கவனிக்க வேண்டியது. அடுத்த டெஸ்ட் அகமதாபாத்தில் பகல்-இரவாக, இளஞ்சிவப்புப் பந்தில் நடந்து இரண்டு நாளுக்குள் முடிந்தது. இங்கிலாந்து 112, 81, இந்தியா 145. அக்சர் இரு இன்னிங்ஸிலுமாக 11 விக்கெட் எடுத்தார். ஒரு பந்து கையளவு திரும்பியதைப் பார்த்த மட்டையாளர், அடுத்ததும் திரும்பும் என்று வெளிப்பக்கம் மட்டையை நீட்டுகிறார். அது தையலில் படாமல் வழவழப்பான தோலில் விழுந்து, நேராகச் சறுக்கிக் காலில் படுகிறது அல்லது ஸ்டம்பில் மோதுகிறது. அந்தப் போட்டியில் எல்பிடபிள்யூவும் போல்டும் குவிந்ததன் பின்னணி அது. பகுதி பந்துவீச்சாளரான ரூட்கூட 8 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார் என்றால், அங்கே மாயாஜாலம் தேவைப்படவில்லை. ஸ்டம்பில் போட்டால் மீதியை மண் பார்த்துக்கொண்டது.

வெளிநாட்டு மண்களையும் இதே அளவுகோலில் பார்க்கலாம். இங்கிலாந்தின் ஆடுகளங்களில் களி பொதுவாகக் கால்பங்கை ஒட்டியே இருக்கும். புல்லும் ஈரமான காற்றும் சேர்ந்து சீமுக்கு வழிவிடுகின்றன. ஆஸ்திரேலியாவில் களி பாதிக்கு மேல். கடுமையான வெயிலில் அது கல்லாக இறுகுவதால் பவுன்ஸே பிரதானம். பெர்த்தில் சென்னை நீளத்தில் பந்து போட்டால் அது ஸ்டம்புக்கு மேலே பறந்துவிடும். அங்கே போல்டும் எல்பிடபிள்யூவும் வேண்டுமென்றால் இன்னும் முன்னால் போட வேண்டும். குட்டையாகப் போடுவது கையுறையையும் விலா எலும்பையும் குறிவைத்துத்தான். இந்தியப் பந்துவீச்சாளர்கள் அங்கு போன முதல் வாரத்தில் படும் பாட்டில் பாதி இந்த ஒன்றிரண்டு மீட்டரைத் திருத்திக்கொள்வதுதான்.

ஆடுகளத்தைப் படிப்பதில் ஏமாறுவது எளிது. பச்சையாகத் தெரியும் புல் காய்ந்து உயிரற்றதாக இருந்தால் சீமுக்கு உதவாது. அது வேர் பிடித்து மண்ணைக் கட்டிவைப்பதால் பேட்டிங்குக்கே நல்லது. வெடிப்பைக் கண்டு பயப்படுவதும் பல சமயம் வீண். வெடிப்புகளுக்கு நடுவேயுள்ள தட்டுகள் அசையாமல் இருக்கும்வரை பந்து அவற்றின் மேல் விழுந்து ஒழுங்காகவே வரும். வெடிப்பின் விளிம்பு உதிர்ந்து, தட்டு மேலும் கீழும் ஆட ஆரம்பித்தால்தான் சீரற்ற பவுன்ஸ் தொடங்கும். முதல் நாள் ஈரத்தில் பந்து பதித்த சிறு குழிகள் உலர்ந்து கெட்டியாவதும் அதே விளைவைத் தரும். அதனால்தான் முதல் நாள் காலை சீமுக்கு உதவிய ஈரமான ஆடுகளம், மூன்றாம் நாள் வேறுவிதமாகப் பழிவாங்கும்.

இதில் மட்டையாடும் அணித் தலைவரின் கையில் உள்ள ஒரே கருவி ரோலர். போட்டியின் முதல் இன்னிங்ஸ் தவிர மற்ற ஒவ்வொரு இன்னிங்ஸுக்கு முன்பும், ஒவ்வொரு நாள் ஆட்டத்துக்கு முன்பும், அதிகபட்சம் ஏழு நிமிடம் உருட்டச் சொல்ல விதி இடம் தருகிறது. கனரக ரோலர் தூக்கிக்கொண்டு நிற்கும் தட்டுகளை அமுக்கி, முக்கால் மணி நேரம் ஒரு மணி நேரம்வரை ஆடுகளத்தைச் சாதுவாக்கும். ஆனால் நன்றாகக் காய்ந்து பொடிந்துகொண்டிருக்கும் மேற்பரப்பில் அதே கனம் விளிம்புகளை மேலும் நொறுக்கிவிடும். அதற்குப் பயந்து பல தலைவர்கள் கடைசி நாளில் இலகு ரோலரைக் கேட்கிறார்கள். சிலர் ரோலரே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள்.